விலை அதலபாதாளத்தில்: ஓடுகிற விளம்பரத்தை நிறுத்துவதா, மாற்றுவதா, விட்டுவிடுவதா?

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. காலை எட்டரைக்குச் சற்று முன் கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜிட் இந்தியா தெருவில் நடைபாதை திடீரென்று உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து வந்திருந்த 48 வயதுப் பெண் ஒருவர் எட்டு மீட்டர் ஆழத்துக்குள் விழுந்தார். அன்றிரவு எட்டு மணிக்கு, அதே வட்டாரத்தில் உள்ள ஒரு புடவைக் கடைக்காக நான் எடுத்துக் கொடுத்த, சுதந்திர நாளுக்கான மெர்டேக்கா மலிவு விற்பனைக் காணொளி தானாக வெளியாக வேண்டும். முப்பது வினாடிக் காணொளி. முதல் காட்சியில் கொலுசு போட்ட கால்கள் அந்தத் தெருவின் நடைபாதையில் நடந்து வருகின்றன. பின்னணிக் குரல், "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்கிறது. கடைசி அட்டையில் பெரிய எழுத்தில், "விலை அதலபாதாளத்தில்!"

இதை நிறுத்துவதற்கு யாரும் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று என் கையில் இருந்தது இது ஒன்று மட்டும் இல்லை. அதே கடையின் பினாங்குக் கிளைக்கு விநாயகர் சதுர்த்திப் பட்டுப் புடவைக் காணொளி சனிக்கிழமைக்குப் போட்டு வைத்திருந்தேன். கிள்ளானில் ஒரு சமையல்காரரின் தீபாவளிப் பலகார முன்பதிவுக் காணொளியும் அதே சனிக்கிழமை மதியம் வரவேண்டும். போதாததற்குக் கோலாலம்பூர் கடைக்கு ஒரு பழைய காணொளி, நாளைக்கு முப்பது ரிங்கிட் செலவில், காசு கொடுத்த விளம்பரமாக இரண்டு வாரமாக ஓடிக்கொண்டிருந்தது. நான்குக்கும் ஒரே பதில் சரியாக வராது. விட்டுவிடுவது, நிறுத்துவது, மாற்றுவது என்ற மூன்று வழியில் எது எதற்குப் பொருந்தியது, எங்கே நான் தப்பு செய்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

பத்து மணிக்கு வாட்சாப்பில் அந்தப் பெண் விழுந்த கேமராப் பதிவு வந்தபோது நான் முதலில் செய்தது, இரவு வரவிருந்த காணொளியைத் தொட்டது இல்லை. அதற்கு இன்னும் பத்து மணி நேரம் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த விளம்பரத்தை முதலில் நிறுத்தினேன். அது கடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்கிற, தமிழில் பார்க்கிற ஆட்களுக்குப் போகும்படி அமைத்தது. அந்தக் காலையில் அந்த மக்கள்தான் விழுந்த காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்து விரலால் தள்ளுகிற திரையில், அந்தக் காட்சிக்கு அடுத்தது நம் புடவையாக இருக்கலாம். எதற்குப் பக்கத்தில் நம் விளம்பரம் வரும் என்பது நம் கையில் இல்லை, அதனால்தான் காசு கொடுத்த விளம்பரத்துக்கு முதலிடம்.

பலர் தடுக்கி விழுகிற இடமும் இதுதான். ஃபேஸ்புக் பதிவுகளுக்கு நேரம் குறிக்கிற மெட்டா பிசினஸ் சூட்டின் நாட்காட்டியில் இருக்கும் பதிவுகளை நிறுத்திவிட்டு, எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். விளம்பரங்கள் ஆட்ஸ் மேனேஜர் என்ற வேறு இடத்தில் இருக்கின்றன. இங்கே நிறுத்தினால் அங்கே நிற்காது. பதற்றத்தில் பதிவையே அழிப்பவர்களும் உண்டு. அழித்தால் அதில் சேர்ந்திருந்த கருத்துகளும் போய்விடும், திரும்பி வராது. விளம்பரத்தின் பொத்தானை அணைத்தால் போதும். யூடியூபில் நேரம் குறித்து வைத்த காணொளியையும் அழிக்க வேண்டாம், Private என்று மாற்றி வைத்தால் தலைப்பும் விளக்கமும் அப்படியே இருக்கும்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டு ஒன்றை மறந்தேன். கடையின் வாட்சாப் பிசினஸ் எண்ணில் தானாகப் போகிற வரவேற்புச் செய்தி ஒன்று இருந்தது. புதிதாக எழுதுபவர்களுக்கும், 14 நாளாக எழுதாதவர்களுக்கும் அது போகும். சனிக்கிழமை ஒரு பழைய வாடிக்கையாளர், செந்தூலில் இருக்கும் அம்மா ஒருவர், "கடையில எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். அடுத்த நொடி அவருக்குப் போன பதில்: "வணக்கம்! மெர்டேக்கா மலிவு விற்பனை, விலை அதலபாதாளத்தில்!" முதலாளி அதைப் படம்பிடித்து எனக்கு அனுப்பினார். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சரி, மற்றவற்றுக்கு வருவோம்.

கிள்ளான் பலகாரக் காணொளியை விட்டுவிட்டேன். முறுக்கு பிழிகிறார்கள், நெய்யுருண்டை பிடிக்கிறார்கள், தொலைபேசி எண் வருகிறது, அவ்வளவுதான். காட்சியிலும் சொல்லிலும் நடந்ததை நினைவுபடுத்த எதுவும் இல்லை. கடையும் அந்த இடத்தோடு சம்பந்தப்பட்டதில்லை. அது சொன்ன நேரத்துக்கு வெளிவந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் ஒரு துக்கம் நடந்தால் எல்லாரும் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னால் முன்பதிவு எடுத்தால்தான் மாவும் நெய்யும் வாங்க முன்பணம் கிடைக்கும் என்று இருக்கிற ஒரு சமையல்காரரை, துக்கத்தில் பங்கு என்று சொல்லி உட்கார வைப்பது அந்தக் குடும்பத்துக்கு எந்த ஆறுதலும் தராது.

தப்பு செய்தது பினாங்கில். பினாங்கு முன்னூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே தனி ஃபேஸ்புக் பக்கம் இருக்கிறது, பட்டுப் புடவைக்கும் நடைபாதைக்கும் என்ன சம்பந்தம் என்று அதையும் விட்டேன். வெளியாகி நாற்பது நிமிடத்தில் ஒரு கருத்து: "உங்க கடைப் பக்கத்துல ஆளைத் தேடிக்கிட்டு இருக்காங்க, நீங்க இங்க பட்டு விக்கிறீங்களா?" எழுதியவர் கோலாலம்பூர்க்காரர். இரண்டு பக்கத்தையும் தொடர்பவர். கடையின் பெயர் ஒன்று, சின்னம் ஒன்று. பக்கத்தின் பெயரில் "பினாங்கு" என்று போட்டுவிட்டால் அது பினாங்கில் நின்றுவிடும் என்று நான் நம்பியது அசட்டுத்தனம்.

பிறகு யோசித்தபோது ஒன்று புரிந்தது. சாதாரணப் பதிவு யாருக்கெல்லாம் போகும் என்று நாம் சொல்ல முடியாது, யாராவது பகிர்ந்தால் எங்கும் போகும். காசு கொடுத்த விளம்பரத்தைப் பினாங்கில் வசிப்பவர்களுக்கு மட்டும் என்று கட்டலாம். பக்கத்திலேயே தெரியாத விளம்பரமாகவும் அதைப் போட முடியும். ஆக, சம்பவம் நடந்த ஊரில் விளம்பரத்தைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். தொலைவில் உள்ள கிளைக்கு நேர்மாறு: பக்கப் பதிவை நிறுத்திவிட்டு, அந்த ஊருக்கு மட்டும் போகிற விளம்பரத்தை வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. இதை நான் அன்று செய்யவில்லை. காணொளியைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்தக் கருத்து எழுதியவருக்கு, "நீங்கள் சொன்னது சரி, நிறுத்திவிட்டோம்" என்று மட்டும் தனியாகப் பதில் அனுப்பினேன்.

இனி மாற்றுவது. நிறுத்து என்றால் எந்த முதலாளிக்கும் மனசு வராது, "கொஞ்சம் மாத்திப் போடலாமே" என்பார்கள். வெள்ளிக்கிழமை மதியம் நடந்த பேச்சு இது.

"தங்கச்சி, முன்னாடி ஒரு மூணு செகண்டு 'ஆழ்ந்த அனுதாபங்கள்'னு கறுப்பு அட்டை போடுவோம். அப்புறம் நம்ம வீடியோ ஓடட்டும். நம்மளும் வருத்தப்படுறோம்னு தெரியும்ல?"

"அண்ணே, அவங்களை இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்க. அவங்க வீட்டு ஆளுங்க அங்கேயே நிக்கிறாங்க. நம்ம எப்படி அனுதாபம் சொல்றது?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. "ஆமால்ல" என்றார்.

மஸ்ஜிட் இந்தியாவில் இது சின்ன விஷயம் இல்லை. தேடுதல் ஒன்பது நாள் நடந்தது. அந்த ஒன்பது நாளும் "ஆன்மா சாந்தி", "அனுதாபம்" என்று ஒரு கடை எழுதியிருந்தால், நம்பிக்கையோடு காத்திருப்பவர்களின் காதில், உங்கள் ஆள் போய்விட்டார் என்று முதலில் சொன்ன கடை அதுவாக இருந்திருக்கும். காணாமற்போனவரைத் தேடிக்கொண்டிருக்கும்வரை இரங்கல் சொல் எதுவும் வேண்டாம். அது முடிந்த பிறகும் இரங்கலும் விலையும் ஒரே காணொளிக்குள் வரக்கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

மாற்றுவதற்குத் தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. வெளியான காணொளியின் கோப்பை அதே இணைப்பில் வைத்து வேறொன்றாக மாற்ற யூடியூபில் வழியில்லை, வெட்டிச் சுருக்குவது போன்ற சில திருத்தங்கள் மட்டும் முடியும். மெட்டா விளம்பரத்தில் காணொளியை மாற்றினால் அது மறுபடி பரிசீலனைக்குப் போகும், யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று விளம்பரம் புதிதாகக் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும். "சின்ன மாற்றம்தானே" என்று முதலாளி நினைப்பது எங்களுக்குப் புதிதாக ஒன்று போடுகிற வேலைதான். அதையும் அவசரத்தில் செய்யும்போது பாதிதான் மாறும். அந்தக் காணொளியில் கால்களை வெட்டியிருக்கலாம். "ஒரு எட்டு" இருந்திருக்கும். அதையும் எடுத்தால் அதலபாதாளம். அதையும் எடுத்தால் மெர்டேக்கா கொண்டாட்ட இசை. தப்பு ஒரு காட்சியில் இல்லை, காணொளி முழுக்க அந்தத் தெருவில் நடந்து வரச் சொல்கிறது. அப்படிப்பட்டதை மாற்ற முடியாது, நிறுத்தத்தான் வேண்டும்.

மாற்றுவது சரியாக வந்த ஒரு சம்பவமும் உண்டு. 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை, புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீ வானத்துக்கு எழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள், வீடுகள் எரிந்தன, உயிரிழப்பு இல்லை. அதே கிள்ளான் சமையல்காரருக்குச் சித்திரைப் புத்தாண்டு விருந்துக் காணொளி அந்த வாரம் தயாராக இருந்தது. முதல் நான்கு வினாடி விறகடுப்பில் பெரிய அண்டா, சுற்றிலும் நெருப்பு, "அனல் பறக்கும் விருந்து" என்ற குரல். அதற்குப் பிறகு இலை போடுவதும் பாயசமும்தான். தீ அன்றைக்கே அணைக்கப்பட்டது, யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை, தப்பும் நான்கு வினாடிக்குள் தனியாக இருந்தது. அந்த நான்கு வினாடியை வெட்டி, குரலின் முதல் வரியை மறுபடி பதிவு செய்து, நான்கு நாள் தள்ளிப் போட்டோம். வெட்டி எடுத்தபின் மிச்சம் தன் காலில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும், மாற்றலாமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.

சொற்களைப் பற்றி ஒன்று. நம் விளம்பரத் தமிழ் பேரிடர்களால் நிறைந்தது. ஆஃபர் மழை, தள்ளுபடிச் சுனாமி, விலைச் சரிவு, சரவெடி, கூட்டம் அலைமோதுது. சாதாரண நாளில் காதில் விழாது. அன்றைக்கு மட்டும் விழும். 2025 செப்டம்பர் 27 இரவு கரூரில் கூட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்தபோது, தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. என் கையில் இருந்த காணொளி ஒன்றில், கடை திறந்ததும் ஆட்கள் நெருக்கித் தள்ளி உள்ளே ஓடுவதை வேடிக்கையாக எடுத்திருந்தோம். கரூர் இங்கிருந்து கடல் தாண்டி இருக்கிறது. ஆனால் பிரிக்பீல்ட்ஸில் அன்றிரவு தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில் ஓடியது அந்தச் செய்திதான். எங்கள் பார்வையாளர்களுக்கு அது வெளிநாட்டுச் செய்தி இல்லை, சிலருக்குச் சொந்த ஊர். ஓட்டக் காட்சியை எடுத்துவிட்டோம், அந்தத் தீபாவளிக்கு அது திரும்ப வரவில்லை. அதிலிருந்து நான் காணொளிகளைப் பார்ப்பதற்கு முன் எழுத்துப் பிரதியில்தான் இந்தச் சொற்களைத் தேடுகிறேன். மழை, வெள்ளம், சரிவு, தீ, வெடி, கூட்டம் என்று ஆறேழு சொல்லைத் தட்டினால் எது சிக்கல் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நிறுத்துவது எளிது, திரும்ப ஆரம்பிப்பதுதான் கஷ்டம். மெட்டாவில் விளம்பரத்தை ஏழு நாளோ அதற்கு மேலோ நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், அது முதலிலிருந்து கற்க ஆரம்பிக்கும். அந்தக் காலத்தில் செலவு ஏறி இறங்கும். இதைக் கேள்விப்பட்ட முதலாளி ஆறாம் நாளே போட்டுவிடலாம் என்றார். கணக்கைக் காட்டினேன். அந்தக் கற்றல் முடிய வாரத்துக்குச் சுமார் ஐம்பது பலன் வேண்டும். நாங்கள் முப்பது ரிங்கிட்டில் ஓட்டுகிற விளம்பரத்துக்கு வாரத்துக்கு முப்பத்தைந்து விசாரணை வந்தால் அதிகம். அது கற்று முடித்ததே இல்லை, அப்புறம் எதை இழக்கப் போகிறோம்? பெரிய நிறுவனம் நாளைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தால் இந்த ஏழு நாள் அவர்களுக்கு ஒரு விஷயம். சின்னக் கடைக்கு அது வெறும் பயம்.

ஆனாலும் நாங்கள் ஒரு தேதி குறித்தோம், 28ஆம் தேதி புதன்கிழமை மாலை. ஐந்து நாள் ஆகிவிடும், போதும் என்ற நினைப்பு. புதன் விடியற்காலை முதல் பள்ளத்திலிருந்து சுமார் ஐம்பது மீட்டர் தள்ளி இன்னொரு இடம் உள்வாங்கியது. நல்லவேளை, எதையும் தானாக வெளியாகும்படி வைக்கவில்லை. அதோடு தேதி குறிப்பதை விட்டேன். எது நடந்தால் ஆரம்பிக்கலாம் என்பதைத்தான் இப்போது எழுதி வைத்துக்கொள்கிறேன்: தேடுதல் முடிந்ததாக அதிகாரிகள் அறிவிக்க வேண்டும், கடைக்கு வர வழி திறந்திருக்க வேண்டும், வாடிக்கையாளர்கள் கேட்கிற கேள்வி "என்ன ஆச்சு" என்பதிலிருந்து "என்ன இருக்கு" என்று மாற வேண்டும். மூன்றாவதைக் கடை வாட்சாப்பைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

இடைப்பட்ட நாட்களில் ஒன்றே ஒன்று போட்டோம். வியாழக்கிழமை முதலாளி கடை வாசலில் நின்று, இசை இல்லாமல், கைப்பேசியில் பேசியது: சாலையின் இந்தப் பக்கம் அடைத்திருக்கிறார்கள், ஏற்கெனவே தைக்கக் கொடுத்த ரவிக்கைகளைப் பின்பக்க வழியாக வந்து வாங்கிக்கொள்ளலாம், வர முடியாதவர்களுக்குக் காசு வாங்காமல் அனுப்பி வைக்கிறோம். விலை இல்லை, சின்னம் இல்லை. கல்யாணத்துக்கு ரவிக்கை கொடுத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர்களுக்கு வேண்டியிருந்த காணொளி அதுதான்.

31ஆம் தேதி, மெர்டேக்கா நாளன்றே, தேடுதல் நிறுத்தப்பட்டது. அந்தப் பெண் கிடைக்கவில்லை. மெர்டேக்கா மலிவு விற்பனைக் காணொளிக்கு அதற்குமேல் தேதியும் இல்லை. படப்பிடிப்புக்குக் கொடுத்த 2,800 ரிங்கிட் வீண்தான், அதை நல்லபடியாகச் சொல்ல வழி எதுவும் இல்லை. அதில் கால் பங்கை நான் ஏற்றுக்கொண்டேன், வரவேற்புச் செய்திக்காக. அடுத்த வாரம் கடைக்குள்ளேயே எடுத்த, விலை சொல்லாத ஒரு புடவைக் காணொளியைக் காலையில் சாதாரணப் பதிவாகப் போட்டு, மாலைவரை கருத்துகளைப் பார்த்துவிட்டு, பிறகுதான் விளம்பரத்தைத் திறந்தோம்.

போன ஆகஸ்ட்டில் முதலாளி கேட்டார், "தங்கச்சி, அந்த 'அதலபாதாளம்' நல்லா இருந்துச்சே, இப்பப் போடலாமா?"

"இந்தத் தெருவுல வேணாம்ணே."

"பினாங்குக் கிளைக்கு?"

"அங்க போடலாம். 'தள்ளுபடிச் சுனாமி'தான் அங்க ஆகாது." 2004இல் மலேசியாவில் சுனாமியில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பினாங்குக்காரர்கள்.

"அப்ப ஆஃபர் மழை?"

2017 நவம்பர் வெள்ளத்தில் அவருடைய கிளையில் கீழ்த்தட்டு முழுக்க நனைந்தது அவருக்கே நினைவு வந்துவிட்டது. "சரி விடு, 'பாதி விலை'ன்னே போட்டுடு" என்றார்.